400 மீட்டரின் கடைசி 100 ஏன் கனக்கிறது?

2016 ரியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவின் வேய்ட் வான் நீகெர்க் எட்டாவது லேனில் ஓடி, 43.03 வினாடியில் உலக சாதனை படைத்தார். அந்த ஓட்டத்தை நூறு நூறு மீட்டராகப் பிரித்தால் ஏறத்தாழ 10.7, 9.8, 10.5, 12.0 வினாடிகள் வருகின்றன. அவருக்கே கடைசி நூறுதான் மிக மெதுவாகப் போயிருக்கிறது. கடைசி நேரத்தில் பாய்ந்து முந்துவதுபோலத் தெரிகிறவர்கூட வேகம் கூட்டுவதில்லை. மற்றவர்களைவிடக் குறைவாகத் தளர்கிறார், அவ்வளவுதான்.

தசை சுருங்கச் செலவாகும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி, ஓரிரு வினாடிக்குத்தான் கையிருப்பில் இருக்கும். அதைத் தயாரித்துக்கொண்டே ஓட வேண்டும். முதல் பத்து வினாடி தசையில் இருப்பாக உள்ள பாஸ்போகிரியேட்டின், பிறகு ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைக்கும் கிளைகாலிசிஸ், அதன்பின் ஆக்சிஜன் என்று தொடர் ஓட்டம்போல விளக்குவார்கள். அது சரியல்ல. துப்பாக்கி வெடித்ததுமே மூன்றும் வேலையைத் தொடங்கிவிடும். யார் பங்கு எவ்வளவு என்பதுதான் மாறிக்கொண்டே போகும்.

பாஸ்போகிரியேட்டின் தன் பாஸ்பேட்டை ஒரே படியில் கொடுத்து ஏடிபியை மீட்கும். அதனால்தான் அத்தனை வேகம். ஆனால் முதல் 100 மீட்டரிலேயே கிட்டத்தட்ட பாதி தீர்ந்துவிடும். முடிவுக்கோட்டில் மிச்சம் மிகச் சொற்பம். கிளைகாலிசிஸும் சில வினாடிகளிலேயே முழு மூச்சாகிவிடும். தசையில் சேமித்த சர்க்கரையான கிளைகோஜனிலிருந்து வரும் ஒவ்வொரு குளுக்கோஸ் அலகுக்கும் மூன்று ஏடிபி கிடைக்கும், ஆக்சிஜன் தேவையில்லை. இதற்கு விலை, தசைக்குள் ஏறும் அமிலம். 7 அளவில் இருக்கும் pH 6.6 வாக்கில் இறங்கும்போது, கிளைகாலிசிஸை ஓட்டும் நொதிகளே மந்தமாகின்றன. கூடவே, பாஸ்போகிரியேட்டின் உதிர்த்த பாஸ்பேட் தேங்கி, தசை இழைகளின் பிடியைத் தளர்த்துகிறது. பழி, கிளைகாலிசிஸில் உண்டாகும் லாக்டேட் மேல் விழுகிறது. உண்மையில் அது இதயமும் பிற தசைகளும் பிறகு எரித்துக்கொள்ளும் எரிபொருள்.

ஆக்சிஜன் வழியில் அதே குளுக்கோஸ் சுமார் 30 ஏடிபி தரும். இரத்த ஓட்டமும் மைட்டோகாண்ட்ரியாவும் வேகம் பிடிக்க நேரமாகும் என்பதே குறை. ஆனாலும் 50 வினாடிக்கு அருகில் முடிக்கும் வீரர்களிடம் மொத்த ஆற்றலில் சுமார் 40 சதவீதம் இதன் பங்கு. கடைசிக் கட்டத்தில் பாதிக்கும் மேல். ஆனால் கிளைகாலிசிஸ் இழந்ததை முழுவதுமாக ஈடுகட்டும் வேகம் இதற்கு இல்லை. கடைசி வளைவு முடிந்ததும் முழங்கால் உயராமல், பாதம் தரையில் கூடுதல் நேரம் தங்கி, தோள்கள் காதை நோக்கி ஏறுவது அப்போதுதான்.

200 மீட்டரை 22.0 வினாடியில் ஓடக்கூடியவர், 400 மீட்டரின் முதல் பாதியை 22.3இல் கடந்தால் அமிலம் முன்கூட்டியே ஏறிவிடும். 300ஐத் தாண்டியதும் கால் கட்டிக்கொள்ளும். 23 வினாடியை ஒட்டிக் கடப்பவருக்குக் கடைசி நேர்கோட்டில் நடை குலையாது.

ஓய்விலும் இந்தக் கணக்கு உண்டு. பாஸ்போகிரியேட்டின் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் பெருமளவு மீண்டுவிடும். அதை மீட்பதும் ஆக்சிஜன் வழிதான். அமிலம் வடிய இன்னும் நேரம் பிடிக்கும். இரத்தத்தில் லாக்டேட் உச்சம் தொடுவதே ஓடி முடித்து ஐந்து நிமிடம் போனபின்தான். முழு வேகத்தில் 300 மீட்டரை ஓடிவிட்டு மூன்றே நிமிடத்தில் மறுபடி நின்றால், முதல் 60 மீட்டர் நன்றாகவே போகும், பிறகு கால் வராது. அந்தப் பயிற்சிக்குப் பத்துப் பதினைந்து நிமிட இடைவெளி கொடுப்பது இதனால்தான்.