தொலைந்த கைப்பேசியும் அதிலிருந்த பாஸ்கீயும்

கடவுச்சொல்லை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டியிருப்பதால்தான், ஏமாந்தால் அதைப் போலித் தளத்திடமும் கொடுத்துவிடுகிறோம். கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைரேகையோ திரைப்பூட்டோ கொண்டு உள்நுழைய உதவும் பாஸ்கீயில் அப்படி அனுப்புவதற்கு எதுவும் இல்லை. ஒரு தளத்தில் பாஸ்கீயை உருவாக்கும்போது, கைப்பேசி கணித முறையில் பிணைந்த இரண்டு சாவிகளை உண்டாக்குகிறது. பொதுச்சாவி தளத்துக்குச் செல்கிறது. மறைசாவி தளத்திடம் ஒருபோதும் போவதில்லை. உள்நுழையும்போது தளம் ஒவ்வொரு முறையும் புதிய எண் ஒன்றை அனுப்பும். நாம் கைரேகை வைத்ததும் கைப்பேசி அந்த எண்ணின்மீது மறைசாவியால் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்ப, தளம் பொதுச்சாவியால் அதைச் சரிபார்க்கிறது. கைரேகை கைப்பேசியை விட்டு வெளியேறுவதில்லை. ஒவ்வொரு பாஸ்கீயும் தனக்குரிய இணைய முகவரியோடு கட்டப்பட்டிருப்பதால், ஓரெழுத்து மாறிய போலி முகவரியில் அது வேலை செய்யாது.

கைப்பேசியே தொலைந்துவிட்டால்? ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகுள் கடவுச்சொல் மேலாளரில் சேமித்த பாஸ்கீயை எடுத்துக்கொள்வோம். அதன் மறையாக்கப்பட்ட நகல் கூகுளின் சேவையகத்திலும் இருக்கும். ஆனால் அதைத் திறக்கும் சாவி கூகுளிடம் இல்லை. புதிய கைப்பேசியில் அதே கணக்கில் நுழைந்த பிறகு, பழைய கைப்பேசியின் திரைப்பூட்டு எண்ணையோ கோலத்தையோ அல்லது அந்த மேலாளருக்கென அமைத்த பின் எண்ணையோ கொடுத்தால்தான் பாஸ்கீகள் திரும்ப வரும். தவறான முயற்சிகளுக்கு உள்ள வரம்பு 10-ஐத் தாண்டாது என்பதால், ஊகித்து ஊகித்துத் திறக்க முடியாது. பழைய பூட்டு எண்ணை மறந்தவருக்கும் அதே வரம்புதான்.

பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதற்கு ஒரு படி முன்னால் இருக்கிறது. கூகுள் கணக்கின் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு குறுஞ்செய்தியாக வருமானால், அந்தச் சிம் அட்டையும் கைப்பேசியோடு போயிருக்கும். மாற்றுச் சிம் வாங்கும்வரை காத்திருக்க நேரிடும். கூகுள் தரும் 10 காப்புக் குறியீடுகளை முன்பே தாளில் எழுதி வீட்டில் வைத்திருந்தால் இந்தக் காத்திருப்பு இல்லை. கைப்பேசி கையில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

தொலைந்த கைப்பேசியை எடுத்தவருக்குத் திரைப்பூட்டு தெரியாவிட்டால் பாஸ்கீயைப் பயன்படுத்த முடியாது. பேருந்தில் நம் தோளுக்குப் பின்னால் நின்று பூட்டு எண்ணைப் பார்த்துவிட்டுப் பறித்தவரிடமோ எல்லாக் கதவுகளும் திறந்துவிடும். அந்நிலையில் உடனே வேறொரு கருவியிலிருந்து கைப்பேசியின் தரவை அழித்துவிட்டு, வங்கி, மின்னஞ்சல் போன்ற கணக்குகளின் அமைப்புகளில் பழைய பாஸ்கீயை நீக்க வேண்டும். நீக்கியதும் தளம் பொதுச்சாவியை மறந்துவிடுவதால், திருடர் கையிலுள்ள மறைசாவி பயனற்றதாகிவிடும். புதிய கைப்பேசிக்கு வந்துசேர்ந்த பாஸ்கீயும் பழையதன் நகல்தான் என்பதால், அதுவும் கூடவே செயலிழக்கும். ஆகவே முதலில் வேறு வழியில் உள்நுழைந்து புதிய பாஸ்கீ ஒன்றை உருவாக்கி, அது வேலை செய்வதைப் பார்த்த பின்பே பழையதை நீக்க வேண்டும்.