மானிய முக்கோணத்தை இடப்பக்கம் வரையாதீர்கள்

மயிலாப்பூரில் வீட்டு மாடியில் பொருளியல் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் மாதிரித் தேர்வு வைத்தேன். 25 மதிப்பெண் கேள்வி ஒன்றுதான்: "துணிப்பைக்கு அரசு தரும் மானியம் சமூக நலனைக் கூட்டுமா? வரைபடத்துடன் விவாதிக்க." விடைத்தாள்களைத் திருத்தி முடிப்பதற்குள் சிவப்புப் பேனாவில் மை தீர்ந்துவிட்டது. பாதிப் பேர் "விலை குறைகிறது, மக்கள் பயனடைகிறார்கள், ஆகவே நலன் கூடுகிறது" என்று மூன்று பக்கங்களுக்கு இதையே வெவ்வேறு வாக்கியங்களில் எழுதியிருக்கிறார்கள். இப்படி எழுதினால் எந்தத் திருத்துநரும் பத்தைத் தாண்டமாட்டார்.

கேள்வியில் கொடுத்திருந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். மானியம் இல்லாதபோது ஒரு பை 60 ரூபாய், மாதம் 40,000 பைகள் விற்கின்றன. விலை ஒரு ரூபாய் குறைந்தால் 1,000 பைகள் கூடுதலாக விற்கும். உற்பத்தியாளர் கைக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வந்தால் 1,000 பைகள் கூடுதலாகத் தைப்பார். அரசு பைக்கு 20 ரூபாய் தருகிறது. வாங்குபவர் விலை 50 ஆக இறங்குகிறது, உற்பத்தியாளர் பெறுவது 70 ஆகிறது, விற்பனை 50,000.

நல்ல மாணவி ஒருத்தி இதுவரை அழகாகவே வந்தாள். வாங்குபவரின் ஆதாயம், விலை இறங்கிய 10 ரூபாயைப் பழைய அளவுக்கும் புதிய அளவுக்கும் நடுவிலுள்ள 45,000 பைகளால் பெருக்கினால் 4.5 லட்சம். உற்பத்தியாளருக்கும் அதே 4.5 லட்சம். மொத்தம் 9 லட்சம். அடுத்து அரசின் செலவு: 20 ரூபாய், 40,000 பைகள், 8 லட்சம். ஆகவே நலன் ஒரு லட்சம் கூடியது என்று கோடிட்டு முடித்துவிட்டாள்.

தாளைக் கையில் வாங்கியதும் கேட்டாள்: "மேடம், கூட்டல் சரிதானே?"

"கூட்டல் சரிதான் கண்ணு. அரசு எத்தனை பைக்குப் பணம் தந்தது?"

ஒரு நிமிடம் தாளைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். மானியம் வந்த பிறகு விற்பது 50,000 பைகள். அரசு அத்தனைக்கும் தர வேண்டும். செலவு 10 லட்சம். ஆதாயம் 9 லட்சம். நலன் ஒரு லட்சம் குறைந்தது. ஒரே ஒரு எண்ணைத் தவறாக எடுத்ததில் விடை தலைகீழாகிவிட்டது. மற்றவர்கள் அரசின் செலவை எழுதவே இல்லை என்பது வேறு கதை. அரசின் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை, வரி கட்டியவர் கையிலிருந்துதான் வந்தது. நலக் கணக்கில் அவரும் ஒரு ஆள்.

அந்த ஒரு லட்சம் எங்கே போயிற்று என்பதை விடையில் ஒரு வாக்கியத்திலாவது சொல்லுங்கள். கடைசியாக விற்ற, 50,000ஆவது பையைப் பாருங்கள். அதைத் தைக்க 70 ரூபாய் செலவு. வாங்கியவர் அதற்குத் தரும் மதிப்போ 50 ரூபாய்தான். 70 ரூபாய்ப் பொருளை 50 ரூபாயாக மதிப்பவரிடம் சேர்த்திருக்கிறோம். 40,001ஆவது பையில் இந்த நட்டம் ஏறக்குறையச் சுழியம், கடைசிப் பையில் 20. சராசரியாகப் பைக்கு 10. கூடுதல் பைகள் 10,000. பெருக்கினால் அதே ஒரு லட்சம். இந்த நிகர இழப்பைத்தான் வரைபடத்தில் முக்கோணமாகக் காட்டுகிறோம்.

இப்போது வரைபடம். விலை அச்சு, அளவு அச்சு என்று பெயர் எழுதச் சொல்வதற்கே எனக்கு அலுப்பாக இருக்கிறது, எழுதுங்கள். பெரிய கோளாறு முக்கோணத்தில் இருக்கிறது. வரி பற்றிய படத்தை மனப்பாடம் செய்துவிட்டு, அதையே மானியத்துக்கும் போடுகிறார்கள். வரி விதித்தால் விற்பனை குறையும், முக்கோணம் பழைய சமநிலைக்கு இடப்பக்கம் வரும். மானியத்தில் விற்பனை கூடும், முக்கோணம் வலப்பக்கம் இருக்க வேண்டும். தேவைக் கோடும் பழைய அளிப்புக் கோடும் வெட்டும் புள்ளிக்கு அ என்று பெயரிடுங்கள். மானியத்துக்குப் பிறகான சமநிலைக்கு ஆ. ஆவிலிருந்து நேர்மேலே கோடு இழுத்து, அது பழைய அளிப்புக் கோட்டைத் தொடும் இடத்துக்கு இ. அஆஇ தான் இழப்பு. ஆவின் உயரம் 50, இயின் உயரம் 70, இரண்டையும் விலை அச்சில் குறித்துவிடுங்கள். அவற்றுக்கு இடையே அச்சிலிருந்து 50,000 வரை நீளும் செவ்வகம் அரசின் செலவு. மானியத்தின் 20 ரூபாயைக் கோடுகளுக்கு நடுவே செங்குத்தாக அளக்க வேண்டும். கிடையாக அளந்து அம்புக்குறி போட்டவர்கள் பலர். படத்தில் குறித்த எழுத்து எதுவும் பத்தியில் வராமல் போனால் திருத்துபவருக்குப் படம் வெறும் அலங்காரம். "இழப்பு அஆஇ" என்று எழுதினால்தான் மதிப்பெண் கைக்கு வரும்.

இதோடு நிறுத்தினால் விடை பாதிதான். "மானியம் எப்போதும் நலனைக் குறைக்கும்" என்று முடிப்பது எதிர்ப்பக்கத்துத் தவறு. துணிப்பை வாங்குபவருக்கு மட்டும் பயன் தருவதில்லை. பிளாஸ்டிக் பை மழைநீர் வடிகாலை அடைக்காமல் இருப்பதால் தெருவுக்கே பயன். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது, ஆனாலும் டிசம்பர் மழையில் எங்கள் தெரு வடிகாலில் என்ன மிதக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்தப் புறநன்மை தேவைக் கோட்டில் சேராது, அதை விடையில் நாம்தான் சேர்க்க வேண்டும்.

பைக்கு 20 ரூபாய் புறநன்மை என்றால், 10,000 கூடுதல் பைகளுக்கு 2 லட்சம். இழப்பு ஒரு லட்சத்தைக் கழித்தால் நலன் ஒரு லட்சம் கூடுகிறது. 8 ரூபாய்தான் என்றால் 80,000. மானியம் இன்னும் நட்டம்தான். இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். ஒரு பையன் 8 ரூபாயை 50,000 பைகளால் பெருக்கி 4 லட்சம் என்று எழுதி, திட்டத்துக்கு மாலை போட்டுவிட்டான். 40,000 பைகள் மானியம் இல்லாமலே விற்றவை. அவற்றின் புறநன்மை ஏற்கெனவே தெருவுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. மானியத்தால் வந்தது 10,000 மட்டும்.

ஆகவே தீர்ப்புப் பத்தியில் எழுத வேண்டியது இதுதான்: கோடுகள் நேராக இருக்கும்போது, பைக்கான புறநன்மை மானியத்தில் பாதியைத் தாண்டினால் நலன் கூடும், தாண்டாவிட்டால் குறையும். "சூழ்நிலையைப் பொறுத்தது" என்று எழுதிப் பேனாவை மூடிவிடாதீர்கள், தயவுசெய்து. எந்தச் சூழ்நிலை, எந்த எண் என்று சொல்லுங்கள். வாங்குபவரின் தேவை விலைக்கு அசையாததாக இருந்தால் கூடுதல் பைகள் குறைவு. இழப்பும் சிறிது, புறநன்மையும் சிறிது, பணம் பெரும்பாலும் வரி கட்டியவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்கு மாறுவதோடு சரி. அந்த மாற்றம் நியாயமா என்பது தனிக் கேள்வி. அதற்கு இரண்டு வரி போதும்.

சென்னைப் பிள்ளைகள் உதாரணத்துக்குப் பெண்களின் கட்டணமில்லா பஸ் பயணத்தை எடுப்பது இயல்பு. எடுங்கள், ஆனால் காலியாக ஓடும் பஸ்ஸில் இன்னொருவர் ஏறினால் கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை என்பதைச் சொல்லுங்கள். காலை எட்டரை மணிக்கு அடையாறு பக்கம் போகும் பஸ்ஸில் அந்த வாதம் செல்லாது. இன்னொரு பஸ் விட வேண்டியிருக்கும். அந்த மாணவிக்கு 17 போட்டேன். அரசின் செலவைத் திருத்தி மறுபடி எழுதிக்கொண்டு வந்தாள். முக்கோணம் இன்னும் இடப்பக்கம்தான் இருந்தது.