தவக்காலம் முடிந்த பிறகு வருகிற சோதனை

தவக்காலத்தின் முதல் ஞாயிறு அன்று, இயேசு பாலைநிலத்தில் சோதிக்கப்பட்ட பகுதியை ஆண்டுதோறும் வாசிக்கிறோம். கிருஷ்ணகிரிப் பக்கம் மறையுரை வைக்கும்போது நான் மூன்று சோதனைகளோடு நிறுத்துவதில்லை. லூக்கா 4:13 வரை போவேன். அலகை அவரை விட்டு அகன்றது, ஆனால் ஏற்ற காலம் வரும்வரை மட்டுமே என்கிறது அந்த வசனம்.

எங்கள் ஊரில் அந்தக் காலம் பெரும்பாலும் மாங்காய் சீசனில் வருகிறது. மண்டியில் லோடு ஏற்றும் ஒருவர் நாற்பது நாளும் குடிக்காமல் இருந்தார். (ஒப்புரவில் கேட்டதை நான் எங்கும் சொல்ல முடியாது. இது அவர் வீட்டுத் திண்ணையில், மனைவி முன்னால் சொன்னது. மற்றவர்களுக்கும் சொல்லுங்கள் என்றார்.) பாஸ்கா முடிந்தது, சீசன் தொடங்கியது. ராத்திரி வரை வேலை, வெறும் வயிறு, உடம்பு வலி, கையில் கூலி. குடித்துவிட்டார்.

அந்த ஒரு ராத்திரியைவிட அதற்கு அடுத்த வாரங்கள்தான் அவரைக் கெடுத்தன. "நாற்பது நாள் இருந்து என்ன புண்ணியம், எந்த முகத்தோட கோயிலுக்குப் போறதுன்னு தோணுச்சு சாமி" என்றார். சீசன் முழுக்க வரவில்லை, குடியையும் விடவில்லை.

நான் இன்னும் கடவுளின் பிள்ளைதானா என்ற சந்தேகம் இது. பாலைநிலத்தில் அலகை இயேசுவைத் தாக்கியதும் இந்த இடத்தில்தான்: "நீர் இறைமகன் என்றால்..." ஆனால் "என் அன்பார்ந்த மகன் நீயே" என்ற தந்தையின் குரல் யோர்தானில் ஏற்கெனவே கேட்டுவிட்டது. ஒரு சோதனையிலும் வெல்வதற்கு முன்பே சொல்லப்பட்டது அது.

இயேசு பதிலாகச் சொன்ன மூன்று வசனங்களும் இணைச்சட்டத்தில் உள்ளவை. நாற்பது ஆண்டு பாலைநிலத்தில் திரும்பத் திரும்பத் தவறிய மக்களிடம் மோசே பேசியவை. மறுநாளுக்கு வைக்காதே என்று சொல்லியும் மன்னாவை எடுத்து வைத்தார்கள், புழு வைத்தது. ஆனாலும் அடுத்த நாள் காலை மன்னா விழுந்தது. விடுதலைப் பயணம் 16 அப்படித்தான் சொல்கிறது.

ஒப்புரவில் "இனி விழவே மாட்டேன்" என்ற உத்தரவாதத்தைத் திருச்சபை கேட்பதில்லை. இப்போது விட மனம் இருக்கிறதா, விழவைக்கும் சூழலை விலக்கப் பார்ப்பீர்களா என்றுதான் கேட்கிறது. மண்டியில் லோடு ஏற்றும் அவர் விஷயத்தில் அந்தச் சூழல் பசியும் கையில் இருந்த காசும். அதனால் வேலை முடிவதற்குள் சாப்பாடு, கூலி நேராக மனைவி கையில் என்று அவரும் மனைவியும் பேசி வைத்துக்கொண்டார்கள். அப்புறமும் ஒருமுறை விழுந்தார். இந்த முறை அதே வாரம் வந்தார்.

தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டாருக்கு இதையும் சொல்ல வேண்டும். பொருத்தனை வைத்துத் திடீரென நிறுத்தினால் ஓரிரு நாளில் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. நிறுத்துவதற்கு முன்பே தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். ஒப்புரவுக்கு அடுத்த தவக்காலம் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் பங்குச் சாமியிடம் எந்த நாளும் கேட்கலாம்.