பொது மாடியில் சோலார் பேனல்: வாடகைதாரரின் அனுமதிக் கடிதத்தில் எவை இருக்க வேண்டும்?

வாடகைக்குக் குடியிருப்பவர் மாடியில் சோலார் பேனல் பொருத்துவதற்கு வீட்டு உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். ஆனால் "பேனல் வைக்க அனுமதிக்கிறேன்" என்ற ஒற்றை வரியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தாம் மின்வாரிய அலுவலகத்தில் பெரும்பாலும் திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

முதல் சிக்கல், மாடி யாருடையது என்பதாகும். பல வீடுகள் உள்ள கட்டடத்தில் உங்கள் உரிமையாளருக்குச் சொந்தமானது பெரும்பாலும் அவருடைய வீடு மட்டுமே. மொட்டை மாடி எல்லா உரிமையாளர்களுக்கும் பொது. ஆகவே அவருடைய கையெழுத்து மட்டும் போதாது. கட்டடத்தின் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் சம்மதத்தைப் பெற்றுத் தருமாறு அவரிடமே கடிதத்தில் கேட்க வேண்டும், ஏனெனில் சங்கம் உறுப்பினரின் மனுவைத்தான் எடுத்துக்கொள்ளும்; வாடகைதாரரின் மனு மேசையிலேயே கிடக்கும்.

இரண்டாவது சிக்கல் மின் இணைப்பின் பெயர். பேனலிலிருந்து மின்வாரியத்துக்குப் போகும் மின்சாரத்தைக் கழித்துக் கணக்கிடும் நெட் மீட்டருக்கும், அரசு மானியத்துக்கும் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரே விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. கட்டணத்தை மாதந்தோறும் நீங்கள் கட்டினாலும், அந்த ரசீது உங்களை விண்ணப்பதாரர் ஆக்காது. இதை முதல் நாளே சொல்லாமல், எல்லாத் தாள்களையும் வாங்கிப் பார்த்த பிறகு சொல்வதுதான் அலுவலக வழக்கம்.

இரண்டு கிலோவாட் அமைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 400 வாட் பேனல்கள் ஐந்து தேவை. ஒன்று ஏறக்குறைய இரண்டு சதுர மீட்டர், இருபது கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். நிழல் விழாத இடைவெளியும் நடைவழியும் சேர்த்தால் சுமார் இருபது சதுர மீட்டர் மாடி வேண்டும். கடிதத்தில் இதை இப்படி எழுதலாம்:

"மாடியின் தென்பகுதியில், இணைத்துள்ள வரைபடத்தில் குறித்த இருபது சதுர மீட்டர் பரப்பில், ஐந்து பேனல்களை என் செலவில் பொருத்த அனுமதி வேண்டுகிறேன். தண்ணீர்த் தொட்டிக்குச் செல்லும் வழியும் துணி உலர்த்தும் இடமும் மறிக்கப்படா. தளத்தில் துளையிடாமல், எடைக்கற்கள் வைத்த சட்டத்தில் அமைக்கப்படும். கட்டடப் பொறியாளரின் சான்று இணைக்கப்பட்டுள்ளது. மின் இணைப்பு தங்கள் பெயரில் இருப்பதால், விண்ணப்பத்தில் கையெழுத்திடவும், மானியம் தங்கள் கணக்கில் வந்தால் அதை எனக்கு வழங்கவும் இசைவு தர வேண்டுகிறேன். வீட்டைக் காலி செய்யும்போது பேனல்கள் என்னுடையவை. முப்பது நாள்களில் கழற்றி மாடியை முன்பிருந்தபடி ஒப்படைப்பேன்."

துளையிடுவதில்லை என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அடுத்த மழையில் எங்கே கசிந்தாலும் பழி பேனலின் மீதுதான் விழும். எடைக்கற்கள் மாடியின் சுமையை நன்றாகவே கூட்டும் என்பதால்தான் பொறியாளரின் சான்றும் தேவைப்படுகிறது. பேனல் இருபத்தைந்து ஆண்டு உழைக்கும், வாடகை ஒப்பந்தமோ ஓரிரு ஆண்டுக்குத்தான். எனவே உரிமையாளர் வீட்டை விற்றால் என்ன ஆகும் என்பதையும் ஒப்பந்தத்தின் இணைப்பாகவே எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும்.

உரிமையாளர், சங்கம் ஆகிய இரு தரப்புக் கையெழுத்தும் தேதியோடு கைக்கு வரும் வரை, பேனல் பொருத்தும் நிறுவனத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். "அனுமதியெல்லாம் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று அவர்கள் சொன்னால், கிடைக்காவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும் என்று ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.