பாக்கெட்டில் இரண்டு தேதி: பெஸ்ட் பிஃபோரும் யூஸ் பையும் ஒன்றா?

ஒன்றல்ல. முதலாவது ருசியின் கெடு, இரண்டாவது பாதுகாப்பின் கெடு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிப்படி 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பைரி' தேதி கட்டாயம். 'பெஸ்ட் பிஃபோர்' விருப்பமிருந்தால் கூடுதலாகப் போடுவது. யூஸ் பை தாண்டிய பொருளை விற்கவே கூடாது.

செங்கோட்டைக் கடையில் தொங்கும் நேந்திரங்காய் சிப்ஸை எடுத்துக்கொள்வோம். பாக்கெட் போட்டது ஜூன் 10, பெஸ்ட் பிஃபோர் 45 நாள், யூஸ் பை ஆகஸ்ட் 10 என்று வைப்போம். 45 நாளை எண்ணினால் ஜூலை 25 வரும். ஜூலை 30-இல் அதைத் தின்றால் என்ன ஆகும்? மொறுமொறுப்பு குறைந்திருக்கலாம், எண்ணெய் லேசாகச் சிக்கு வாடை அடிக்கலாம். நோய் வராது. பொரித்த காயில் கிருமி வளரத் தேவையான ஈரமே இல்லை. அங்கே நடப்பது காற்றும் ஈரமும் எண்ணெயைக் கெடுக்கும் வேலை. அதை மூக்கும் நாக்கும் கண்டுபிடித்துவிடும். கவர் கிழிந்திருந்தாலோ உப்பசமின்றித் தளர்ந்திருந்தாலோ தேதிக்கு முன்பே நமத்துவிடும்.

அதே கடையின் கவர் பால் வேறு கதை. 72 டிகிரியில் 15 நொடி சூடேற்றிய பாலில் நோய்க்கிருமிகள் மடிகின்றன. ஆனால் சில பாக்டீரியாக்களின் விதைகள் தப்பிவிடும். குளிரில் அவை மெதுவாக வளரும் என்ற கணக்கில்தான் தேதி போடுகிறார்கள். அந்தத் தேதியோடு 'இத்தனை டிகிரிக்குக் கீழே வைக்கவும்' என்ற வரியும் சேர்ந்தே செல்லும். மதியம் 30 டிகிரி வெயிலில் கவர் பெட்டியில் கிடந்தால், அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் பாக்டீரியா 4 மணி நேரத்தில் 256 மடங்காகிவிடும். அப்புறம் அச்சிட்ட தேதிக்கு மதிப்பில்லை.

புளித்துத் திரிந்தால் தெரிந்துவிடுமே என்பீர்கள். புளிக்கவைக்கும் பாக்டீரியாவும் நோய் தரும் பாக்டீரியாவும் ஒன்றல்ல என்பதுதான் சிக்கல். லிஸ்டீரியா என்ற கிருமி, சூடேற்றிய பிறகு பாலில் புகுந்துவிட்டால், ஃபிரிட்ஜின் 4 டிகிரியிலும் வளரும். பாலின் வாசனையை மாற்றாமலே பெருகும். கர்ப்பிணிகளுக்கு இது கருவையே பாதிக்கலாம். காய்ச்சினால் போதும் என்பதும் முழு உண்மையல்ல: கொதிநிலை கிருமியைக் கொல்லும், ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா ஏற்கெனவே சுரந்துவிட்ட நஞ்சு கொதித்தாலும் போகாது. ஆகவே யூஸ் பை தாண்டிய பாலை முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், கொட்டிவிடுங்கள்.

இரண்டு தேதியுமே பிரிக்காத கவருக்குத்தான். கத்தரித்த பாலை ஃபிரிட்ஜில் மூடி வைத்து, ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும். பிரித்த சிப்ஸை இறுக்கமான டப்பாவில் போடுங்கள். ஈரக்கை மட்டும் படக் கூடாது.