உத்தரவாத விலையைத் தாங்க எத்தனை தொன் வாங்க வேண்டும்?

பெரும்போக அறுவடை நாட்களில் தம்பலகாமம் பக்கம் போனால் வீதியோரம் நீளத்துக்கு நெல் காய்வதைக் காணலாம். படங்கை விரித்து, நெல்லைக் கொட்டி, காலால் கிளறிக்கொண்டே இருப்பார்கள். மேகம் கறுத்தால் எல்லோரும் ஓடிவந்து கூட்டி மூடுவார்கள். என் மாமா ஒரு போகத்தில் நாலு நாள் இப்படிக் காயவைத்த நெல்லை அரசாங்கத்தின் ஒரு கொள்வனவு நிலையத்துக்கு ஏற்றிப் போனார். ஒரு பிடி நெல்லை ஈரமானியில் போட்டார்கள். 16 சதவீதம் காட்டியது. அவர்கள் கேட்டது 14. மாமா திரும்பி வரும் வழியிலேயே மூட்டைகளை ஒரு வியாபாரியின் லொறிக்கு மாற்றிவிட்டார்.

"விலை சொல்லித்தான் இருக்கு மருமகன், எடுக்கத்தான் ஆளில்லை" என்றார் அன்று இரவு.

அந்தப் பேச்சை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம் என்று அப்போதே தோன்றியது. அரசாங்கம் ஒரு விலையைச் சொன்னால் அந்த விலை சந்தையில் எப்படி நிற்கிறது? யார் காசில் நிற்கிறது? எப்போது விழுகிறது?

2025 பெப்ரவரி தொடக்கத்தில் இலங்கை அரசாங்கம் நெல்லுக்கு உத்தரவாத விலையை அறிவித்தது. கிலோவுக்கு நாட்டு நெல் 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132. வாங்குவது 1971ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான நெல் சந்தைப்படுத்தும் சபை. இதில் நாட்டு நெல்லின் 120 ரூபாவை மட்டும் எடுத்துக்கொள்வோம். மற்ற எண்களெல்லாம் கணக்கு விளங்குவதற்காக நானே வைத்துக்கொள்பவை. ஒரு சிறிய சந்தை. அரசாங்கம் தலையிடாவிட்டால் அங்கே 1000 தொன் நெல் கிலோ 100 ரூபாவுக்கு விற்கும். விலை ஒரு ரூபா கூடினால் வாங்குபவர்கள் 5 தொன் குறைத்து வாங்குவார்கள், கமக்காரர்கள் 5 தொன் கூட்டி விளைவிப்பார்கள். இவ்வளவுதான் நமக்குத் தேவை.

```
ரூபா
130 |  \                       /
120 |      \===============/
110 |          \       /
100 |              *
 90 |          /       \
 80 |      /               \
    +------------------------------ தொன்
         900     1000    1100
```

இடமிருந்து வலமாக இறங்கும் கோடு வாங்குபவர்களுடையது. ஏறும் கோடு கமக்காரர்களுடையது. இரண்டும் வெட்டும் இடத்தில் உள்ள புள்ளிதான் 100 ரூபா, 1000 தொன். 120 ரூபாவில் இரட்டைக்கோடு போட்டிருக்கும் இடம் உத்தரவாத விலை. அந்த விலைக்கு மக்கள் 900 தொன்தான் வாங்குவார்கள். விதைப்புக்கு முன்பே விலை தெரிந்திருந்தால் கமக்காரர்கள் 1100 தொன் விளைவிப்பார்கள். இரட்டைக்கோட்டின் நீளமான 200 தொன்தான் மிச்சம். அதை யாராவது எடுத்தால் ஒழிய விலை 120இல் நிற்காது. எடுக்க வேண்டியவர் அரசாங்கம்.

200 தொன்னை 120 ரூபாப்படி வாங்க 2 கோடியே 40 லட்சம் ரூபா வேண்டும். படத்தில் இது இரட்டைக்கோட்டுக்குக் கீழே தரைவரை இறங்கும் பெட்டி.

சரி, கமக்காரர்களுக்கு என்ன கிடைத்தது? முன்பு 1000 தொன் விற்று 10 கோடி எடுத்தார்கள். இப்போது 1100 தொன் விற்று 13 கோடியே 20 லட்சம். கைக்கு வந்த காசு 3 கோடியே 20 லட்சம் கூடியிருக்கிறது. ஆனால் அது முழுவதும் இலாபம் இல்லை. கூடுதலாக விளைந்த 100 தொன்னும் 100 ரூபா விலைக்குக் கட்டுப்படியாகாது என்று முன்பு விட்டுவைத்த நெல். மேட்டு வயலாக இருக்கலாம், தண்ணீர் கடைசியாக வந்துசேரும் வயலாக இருக்கலாம். அதை விளைவிக்கக் கிலோவுக்கு 100 முதல் 120 வரை, சராசரியாக 110 ரூபா செலவு. 100 தொன்னுக்கு 1 கோடியே 10 லட்சம். அதைக் கழித்தால் உண்மையான ஆதாயம் 2 கோடியே 10 லட்சம். படத்தில் 100 ரூபாவுக்கும் 120 ரூபாவுக்கும் இடையே, ஏறும் கோட்டுக்கு இடப்பக்கம் கிடக்கும் பட்டைதான் இது.

வாங்கிச் சாப்பிடுபவர்களின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 900 தொன்னுக்குக் கிலோவுக்கு 20 ரூபா கூடக் கொடுக்கிறார்கள். 100 தொன்னை வாங்காமலே விடுகிறார்கள், அதில் கிலோவுக்குச் சராசரியாக 10 ரூபா பயன் போகிறது. இரண்டும் சேர்ந்து 1 கோடியே 90 லட்சம் இழப்பு. நம் வயல் ஊர்களில் சோற்றுக்கு நெல் வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்பவர்களுக்கு இது உறைக்காது. நகரத்தில் கூலி வேலை செய்து அரிசி வாங்குபவருக்கு உறைக்கும்.

கமக்காரருக்கு வந்தது 2.1 கோடி. சாப்பிடுபவர் இழந்தது 1.9 கோடி, அரசாங்கம் செலவழித்தது 2.4 கோடி. ஒன்றோடொன்று கழித்தால் 2 கோடியே 20 லட்சம் எவர் கையிலும் இல்லை. அது போன இடம் களஞ்சியசாலை. அங்கே அடுக்கியிருக்கும் 200 தொன்னில் பாதி, 100 ரூபா விலை இருந்திருந்தால் மக்கள் வாங்கிச் சாப்பிட்டிருக்கும் நெல். மறுபாதி புதிதாகச் செலவழித்து விளைவித்த நெல். அந்த 200 தொன்னும் கெட்டுப்போனால் 2.2 கோடியும் நட்டம்தான். கெடாமல் கிலோ 80 ரூபாவுக்கு வேறெங்காவது விற்க முடிந்தால் 1.6 கோடி திரும்பிவரும், நட்டம் 60 லட்சத்தோடு நிற்கும்.

ஆகவே செலவில் பெரும்பகுதி வாங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் இருக்கிறது. நெல் மூட்டைக்குள் சும்மா கிடப்பதில்லை. ஈரம் கூடினால் சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும், அரிசி மஞ்சளாகும். எலியும் வண்டும் எடையைக் குறைக்கும். 14 சதவீதம் கேட்பதற்கு இதுதான் காரணம், அதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இடமும் ஒரு பிரச்சினை. 2015இல் வாங்கிய நெல்லை வைக்க இடம் போதாமல் மத்தல விமான நிலையத்தின் சரக்குக் கட்டடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அப்புறம், வைத்திருந்த நெல்லை அடுத்த அறுவடை நேரத்தில் அதே சந்தைக்குள் திறந்துவிட்டால் விலை மறுபடி விழும். தாங்கிய கையே தள்ளிவிட்டதாகும். அறுவடை இல்லாத மாதங்களில், அரிசி விலை ஏறி நிற்கும்போது வெளியே விட்டால்தான் சாப்பிடுபவரிடமிருந்து எடுத்ததில் கொஞ்சமாவது திரும்பிப்போகும்.

இனி மாமா சொன்னதற்கு வருகிறேன். 120 என்று அறிவித்துவிட்டு, காசு போதாமலோ இடம் போதாமலோ 80 தொன்தான் வாங்குகிறார்கள் என்று வைப்போம். சந்தை விலை 120க்கும் 100க்கும் நடுவில் எங்காவது நிற்கும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். கணக்கு அப்படி வரவில்லை. விதைத்தவர்கள் 120ஐ நம்பி விதைத்துவிட்டார்கள், வயலில் விளைந்திருப்பது 1100 தொன். அரசாங்கம் 80 எடுத்தால் மீதி 1020 தொன் சந்தைக்கு வந்தாக வேண்டும். வாங்குபவர்கள் 1020 தொன் வாங்க வேண்டுமென்றால் விலை 96 ரூபாவுக்கு இறங்க வேண்டும். அறிவிப்பே இல்லாதிருந்தால் கிடைத்திருக்கும் 100ஐ விட 4 ரூபா குறைவு. பழைய 100 ரூபாவைக் காப்பாற்றவே 100 தொன் வாங்கியிருக்க வேண்டும்.

80 தொன் கொடுக்க முடிந்தவர்களுக்கு 120. மற்ற 1020 தொன்காரர்களுக்கு 96. அந்த 80 தொன்னுக்குள் நுழைபவர் யார்? காயவைக்கக் களமும் ஆளும் உள்ளவர், லொறிக்கு முற்பணம் கொடுக்கக்கூடியவர், காசோலை வரும்வரை காத்திருக்கக்கூடியவர். வெட்டு மெஷினுக்கும் உரத்துக்கும் கடன் வாங்கியவரால் காத்திருக்க முடியாது. அவர் வரம்பிலேயே பச்சை நெல்லாகக் கொடுத்துவிடுவார். எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் வருத்தம் தருவது இதுதான்: விலை யாருக்காகச் சொல்லப்பட்டதோ அவர்தான் வரிசையின் கடைசியில் நிற்கிறார்.

விலையை அறுவடை தொடங்கிய பிறகு அறிவித்தால் கணக்கு மாறும். 100 ரூபாவை எதிர்பார்த்து விதைத்த 1000 தொன்தான் வயலில் இருக்கும், இனிக் கூட்ட முடியாது. 120ஐத் தாங்க 100 தொன் வாங்கினால் போதும். அரசாங்கத்துக்கு 1.2 கோடிதான் செலவு, ஆனால் கமக்காரருக்கு முழுதாக 2 கோடி ஆதாயம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிந்தி வரும் விலை, முந்தி அறுத்து விற்றவருக்கு எட்டாது. இரண்டு மூன்று போகம் பழகிய பின் கமக்காரர்களும் அதை எதிர்பார்த்தே விதைப்பார்கள். அப்போது மறுபடி 1100 தொன்தான்.

ஈரத்தைப் பற்றியும் ஒரு கணக்கு சொல்ல வேண்டும். 120க்கும் 100க்கும் வித்தியாசம் 20 ரூபா என்று நினைத்துவிடக் கூடாது. 20 சதவீத ஈரமுள்ள 1000 கிலோ நெல்லில் காய்ந்த பொருள் 800 கிலோ. ஈரம் 14 சதவீதத்துக்கு இறங்கும்போது அந்த 800 கிலோ மொத்த எடையில் நூற்றுக்கு 86 பங்காகும், அதாவது மொத்தம் 930 கிலோ. 120 ரூபாப்படி 111,600 ரூபா. வரம்பில் 100 ரூபாவுக்குக் கொடுத்திருந்தால் 100,000. மீதி 11,600 ரூபாவுக்குள் நாலு நாள் காயவைத்த கூலி, சாக்கு, லொறி வாடகை எல்லாம் அடங்க வேண்டும். 16 சதவீதத்தில் திருப்பி அனுப்பினால் அந்தச் செலவு முழுவதும் வீண். அதனால்தான் மாமா அன்று வழியிலேயே விற்றார். அவர் போட்ட கணக்கில் பிழையில்லை.

என் படத்துக்கு ஒரு குறை உண்டு. கந்தளாய்க் குளத்து நெல்லும் மூதூர், வெருகல் நெல்லும் திருகோணமலைக்குள்ளேயே சுற்றுவதில்லை, பொலனறுவை, அம்பாறை நெல்லோடு ஒரே சந்தையில் கலக்கின்றன. இங்கே மட்டும் 120க்கு வாங்கத் தொடங்கினால் அங்கிருந்து லொறிகள் வரும், 200 தொன் எந்த மூலைக்கும் காணாது. ஆகவே நாடு முழுவதும் எத்தனை தொன் வாங்கப்போகிறார்கள், அதற்கு எவ்வளவு காசு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

அடுத்த போகத்தில் விலை அறிவித்ததும், களஞ்சியம் திறந்து ஒரு கிழமை கழித்து வரம்பில் வியாபாரி கேட்கும் விலையை விசாரித்துப் பாருங்கள். உத்தரவாத விலையில் ஈரத்துக்கும் கூலிக்கும் லொறி வாடகைக்கும் கழித்தது போக வருவதோடு அது ஒட்டி நின்றால் மிச்ச நெல்லை உண்மையிலேயே எடுக்கிறார்கள். கழித்த பிறகும் பத்துப் பதினைந்து ரூபா கீழே கிடந்தால், வாங்கும் தொன் போதவில்லை. மாமா இப்போது அதைத்தான் செய்கிறார்: நெல்லைப் படங்கில் கொட்டுவதற்கு முன் இரண்டு வியாபாரிகளுக்குப் போன் போட்டு விலை கேட்கிறார்.