மணமுறிவா, மணவிலக்கா?

"திருமணத்தின் மீளமுடியாத மணமுறிவு, மணமுறிவுக்கான காரணமாகச் சட்டத்தில் இடம்பெறாததால், மணமுறிவு கோரும் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது."

கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஓர் ஊர்க்காரர் சென்ற மாதம் இந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு என் தட்டச்சு மேசை முன் நின்றார். ஆங்கிலத் தீர்ப்பை யாரோ காசு வாங்கிக்கொண்டு மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார். "முறிந்துவிட்டது என்று இவர்களே எழுதியிருக்கிறார்கள். பிறகு ஏன் தள்ளுபடி, அண்ணா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. ஒரே சொல் மூன்று முறை வந்து, இரண்டு வெவ்வேறு பொருள்களைச் சுமக்கிறது. படிப்பவன் திகைக்காமல் என்ன செய்வான்?

'முறிவு' நல்ல தமிழ்ச்சொல். முறி என்னும் வினையடியில் பிறந்தது. எலும்பு முறிவு, நஞ்சுமுறிவு என்று நாள்தோறும் புழங்குகிறோம். 'விவாகரத்து' வடமொழி விவாகமும் அரபு வழி வந்த ரத்தும் சேர்ந்த கலப்பு. பேச்சில் அது கிடந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ரத்து என்பது, திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று அறிவிக்கும் இன்னொரு தீர்ப்புக்கே பொருந்தும். மிஞ்சுபவை மணமுறிவும் மணவிலக்கும். தூய தமிழ் அன்பர்கள் இரண்டில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்கிறார்கள். இங்கேதான் எனக்கு அவர்களோடு ஒத்துப்போகவில்லை.

முறிதல் தானாக நடப்பது. விலகு தன்வினை, விலக்கு பிறவினை. விலக்க ஒருவர் வேண்டும். எங்கள் ஊரில் ஆடி மாதக் காற்றில் கற்பூர மரம் முறிந்து சாலையின் குறுக்கே விழும். மரம் முறிந்தது உண்மைதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அறுத்து ஓரம் தள்ளும் வரை மேட்டுப்பாளையம் பஸ் வராது. திருமணத்திலும் இப்படித்தான். கணவனும் மனைவியும் ஒட்ட முடியாத நிலைக்குப் போய்விடுவது முறிவு. நீதிமன்றம் ஆணையிட்டு அந்தக் கட்டிலிருந்து இருவரையும் விடுவிப்பது விலக்கு. முதலாவது நடந்த செய்தி, இரண்டாவது ஆணை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் காரணமே தீர்வாகிவிடுகிறது.

'விலக்கு' என்றால் பெண்ணைத் தள்ளிவைப்பது போல் ஒலிக்கிறது என்று ஒரு நண்பர் கடிந்துகொண்டார். தள்ளிவைப்பவன் கணவன். இங்கே விலக்குவது நீதிமன்றம், விலக்கப்படுவது மணம். மதுவிலக்கில் குடிப்பவரையா விலக்குகிறோம்? 'முறிவு' மென்மையாக இருக்கிறது என்றும் அவர் சொன்னார். சட்டச்சொல் மென்மையாக இருந்து என்ன பயன்? வரி புரிய வேண்டாமா?

இந்தக் குழப்பத்துக்கு அடியில் பெரிய விஷயம் ஒன்று கிடக்கிறது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், பிரிவு 13-இல், பெரும்பாலும் தவறை வைத்தே விலக்கு தருகிறது. கொடுமை, பிறன்மனை உறவு, இரண்டாண்டு கைவிடல், மதமாற்றம் என்று பட்டியல் நீளும். கேட்பவர் எதிராளியின் தவறை நிரூபிக்க வேண்டும். பிரிவு 23-இன்படி தன் தவறால் தானே ஆதாயம் தேடவும் கூடாது. இதைச் சிலர் 'குற்றக் கோட்பாடு' என்று எழுதுகிறார்கள். அந்தப் பட்டியலில் மனநோயும் இருக்கிறது, நோய் எப்படிக் குற்றமாகும்? 'தவறுக் கோட்பாடு' என்பதும் முழுதாகப் பொருந்தவில்லை, இருந்தாலும் சிறைவாசனை அடிக்காது. 1976-இல் இருவரும் ஒப்பிக் கேட்கும் வழி, 13-ஆ, சேர்ந்தது. 'யார் தவறாக இருந்தால் என்ன, மணம் செத்துவிட்டதா பார்' என்னும் முறிவுக் கோட்பாடு மட்டும் இன்றுவரை சட்டத்தில் ஏறவில்லை. சட்ட ஆணையம் 1978-இலும் 2009-இலும் பரிந்துரைத்தும் மசோதாக்கள் நிறைவேறவில்லை. 2023 மே 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, அரசமைப்பின் 142-ஆம் உறுப்பின் கீழ் மீளா முறிவைக் காட்டித் தான் விலக்கு தரலாம் என்றது. அதுவும் உரிமையாகக் கேட்டுப் பெறுவதன்று, நீதிமன்றம் பார்த்துத் தருவது. உதகையிலோ கோவையிலோ உள்ள நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை.

நம் கோத்தகிரிக்காரருக்கு வருவோம். பதினோரு ஆண்டாகத் தனியே இருக்கிறார். வீட்டைவிட்டு வந்தவர் அவர்தான், எனவே மனைவி கைவிட்டாள் என்று சொல்ல முடியாது. கொடுமை என்று சொல்லிப் பார்த்தார், நிரூபணமாகவில்லை. மனைவி ஒப்பவில்லை, ஆகவே 13-ஆவும் அடைபட்டது. மிஞ்சியது முறிவு. அதைக் கீழ் நீதிமன்றம் ஏற்க முடியாது. அந்த வரியைச் சரியாக எழுதியிருந்தால் இவ்வளவுதான்: "மீளா முறிவு, மணவிலக்குக்கான காரணமாகச் சட்டத்தில் இடம்பெறவில்லை."

இதற்குள் அவர் இரண்டாவது தாளை எடுத்தார். அதில் 'பராமரிப்புக் கட்டணம்' என்று இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தி பழுதானால் பராமரிப்பு. மனிதருக்குக் கட்டணமா? இத்தனைக்கும் 'பராமரி'யே வடமொழி வேரிலிருந்து வந்தது. 'ஜீவனாம்ச'த்தை வடமொழி என்று தள்ளிவிட்டு இன்னொரு வடமொழியைக் கூட்டிவந்திருக்கிறார்கள். ஜீவனம், அம்சம்: பிழைப்பதற்கான பங்கு. பொருள் கண்ணாடிபோல் தெரிகிறது. தமிழில்தான் வேண்டுமென்றால் 'வாழ்வுப்பங்கு' எனலாம். எனக்கு ஜீவனாம்சமே போதும்.

"என்மேல் தவறு என்று எந்தத் தீர்ப்பும் இல்லையே, பிறகு இந்த அபராதம் எதற்கு?" என்றார் அவர். அபராதம் அல்ல என்பதே அடிப்படை. ஒருவருக்குப் பிழைக்க வழியில்லை, மற்றவருக்குக் கொடுக்க வழியிருக்கிறது, அதனால் ஜீவனாம்சம். அவர் கைக்கு வருவது மாதம் 40,000 ரூபாய். மனைவி தையலில் ஏறக்குறைய 4,000 ஈட்டுகிறார். அந்த வருமானம் உரிமையை அழிக்காது, கணக்கில் சேரும், அவ்வளவே. நீதிமன்றம் விதித்தது 10,000. நிகரச் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கு நியாயம் என்று 2017-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பலரும் அளவுகோலாக்குகிறார்கள். ஆனால் அது விதியல்ல. வயதான தாய், குழந்தையின் படிப்பு, கடன் என்று பார்த்து ஏறும், இறங்கும்.

அவரை உறுத்தியது இன்னொன்று. மனைவி மனுப்போட்டு 14 மாதம் கழித்தே உத்தரவு வந்தது, ஆனால் தொகை மனுப்போட்ட நாளிலிருந்து. 2020-இன் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பின் இதுவே நடைமுறை. மொத்தம் 1,40,000. இடைக்காலமாக மாதம் 5,000 கொடுத்துவந்ததில் 70,000 கழிந்தது, மீதி 70,000.

தவறு இங்கே முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகியிருக்கும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில், தக்க காரணமின்றிக் கணவனோடு வாழ மறுக்கும் மனைவிக்கு உரிமை இல்லை. அவர் அதைத்தான் வாதாடினார். வெளியேறியவர் அவரே என்பதால் நிற்கவில்லை.

அந்த ஒரு வரியை மட்டும் திருத்தித் தட்டச்சு செய்து கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "அப்படியென்றால் நான் இன்னும் கணவன்தானா, அண்ணா?"

"ஆமாம்," என்றேன். அடுத்த தவணை எந்தத் தேதிக்குள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, மழை விடுவதற்குள் பஸ் நிலையத்துக்குக் கிளம்பினார்.